இரண்டாவது நிலையின் சிக்கல்

மகள் தோழியின் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசுகிறாள். அந்த நெடி கூடத்துக்கு வந்ததும் நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். ஸ்டென்சில் தாளில் தப்பு விழுந்தால் நீ பூசுவாயே, அந்தச் சிவப்புத் திரவத்தின் நெடி இதேதான். பூசிவிட்டு வாயால் ஊதுவாய். காயும்வரை பேசாமல் இருக்க உன்னால் முடியாது. "மச்சான், இந்த வரியில இன்னா சொல்ல வர்ற?" என்பாய். அந்தக் கேள்விகளிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். எழுதினால் உண்மையை எழுத வேண்டும் என்பதால் தள்ளிப்போட்டேன். உண்மை அப்படியொன்றும் பெரியதல்ல. எனக்கு உன்மேல் பொறாமை. இருந்தது என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

மறைமலை நகர்த் தொழிற்சாலையில் நீ வரைபடப் பிரிவில் இருந்தாய், நான் தரப் பரிசோதனையில். நீ கோடு போட்டதைப் பார்த்து மற்றவர்கள் செய்வார்கள். செய்தது கோட்டின்படி இருக்கிறதா என்று நான் அளப்பேன். தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட். நீ மாடம்பாக்கத்துக்காரன், சிவன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பிரதோஷத்தன்று மட்டும் ஓவர்டைம் பார்க்க மாட்டாய், மேனேஜர் கெஞ்சினாலும். நான் உபதேசியார் மகன். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் சபையில் சனிக்கிழமை மாலைகளில் விசுவாசிகளுக்கென்று ஓர் இறையியல் வகுப்பு நடந்தது. தையல் டீச்சர், ரயில்வே கார்டு, ஓய்வுபெற்ற நர்ஸ் என்று இருபது பேர் வருவார்கள். அவர்களுக்குப் பாடங்களை நாங்களே எழுதி, ஸ்டென்சிலில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி எடுப்போம். என் கையெழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கும். உன் கையெழுத்து அச்சு. அதனால்தான் உன்னைக் கூட்டிப்போனேன். வேறு எந்த எண்ணமும் இல்லை. நீயும் சபைக் காபி நன்றாக இருக்கிறது என்றுதான் வந்தாய்.

அந்த வருடம் பாஸ்டர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். "மற்ற மதத்துக்காரங்களப் பத்தி நாம என்ன நினைக்கிறோம்னு நம்ம ஜனங்களுக்கே தெளிவில்ல தம்பி. மூணு நிலை இருக்கு. புதுசா படிக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி எழுதுங்க." எனக்குப் பெருமை தாளவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து பதினெட்டுப் பக்கம் எழுதினேன். விலக்குவாதம், உள்ளடக்குவாதம், பன்மைவாதம் என்று மூன்று தலைப்பு. ஒவ்வொன்றின்கீழும் கனமான வாக்கியங்கள். நீ ஸ்டென்சில் வெட்ட உட்கார்ந்தாய். முதல் பக்கத்திலேயே எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டாய்.

"இன்னா மச்சான் இது, விலக்குவாதம்? எவனாவது தன்ன விலக்குறவன்னு சொல்லிக்குவானா? உங்கப்பாவ அப்படிக் கூப்ட்டா ஒத்துக்குவாரா?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான் இருக்கு."

"இருக்கட்டும். புடிக்காதவன் வச்ச பேரு மாதிரி கீது. உங்கப்பா யாரையும் வெளிய தள்ளலியே. ஒரே வழிதான் கீதுன்னு சொல்றாரு. அப்ப 'ஒருவழி நிலை'ன்னு எழுது. அவரு படிச்சா, ஆமா, இது நான்தான்னு சொல்லணும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்து வளர்ந்த நிலை அது. அதற்கு அதன் எதிரிகள் வைத்த பெயரை நான் எழுதியிருக்கிறேன். அதைக் கோயில் தெருக்காரன் நீ சுட்டிக்காட்டுகிறாய். சிரித்து மழுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை நீ இன்னொன்று சொன்னாய். "இதுல ரெண்டு கேள்வி ஒண்ணாக் கலந்து கெடக்குது. ரெண்டையும் பிரிச்சா மூணு நிலையும் தானா நிக்கும்." ஸ்டென்சில் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினாய். முதல் கேள்வி: மனிதனுக்கு மீட்பு யாரால் வருகிறது? இரண்டாவது: அவரைத் தெரிந்து, நம்பி ஏற்றால்தான் வருமா?

ஒருவழிக்காரர் முதல் கேள்விக்கு, கிறிஸ்து ஒருவரால் மட்டும் என்பார். இரண்டாவதற்கு, ஆம், கேட்டு நம்ப வேண்டும் என்பார். உள்ளடக்குகிறவரும் முதல் கேள்விக்கு அதே பதிலைத்தான் சொல்வார், கிறிஸ்துவால் மட்டும். ஆனால் இரண்டாவதற்கு, தெரியாமலும் வரலாம் என்பார். அவர் பெயரே கேட்டிராதவனை அவருடைய கிருபை அவன் மனசாட்சி வழியாக, ஏன், அவனுடைய மதத்தின் வழியாகக்கூடத் தொடலாம் என்பார். பன்மைக்காரர்தான் முதல் கேள்வியிலேயே பிரிகிறார். கிறிஸ்து ஒரு வழி, ஒரே வழியல்ல; யாராலும் முழுதாகப் பிடிக்க முடியாத ஒன்றை நோக்கித் தத்தம் மொழியில் உண்மையாகவே நீட்டப்படும் கைகள்தான் மதங்கள் என்பார்.

"அதாவது முதல் ரெண்டு பேரும் ஒரே வூட்டுக்காரங்க," என்றாய். "சண்டை ரெண்டாவது கேள்வியிலதான். வெளியிலருந்து பாக்கறவன் ரெண்டாவதையும் மூணாவதையும் ஒண்ணுன்னு நெனச்சிக்குவான். ரெண்டும் எல்லாரையும் அணைச்சிக்கிற மாதிரி தெரியுது இல்ல?"

பதினெட்டுப் பக்கத்தில் நான் செய்யாததை நீ நான்கு கோட்டில் செய்துவிட்டாய். அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது உன்மேல் கோபமாக வந்தது. நான் மூன்று வருடம் தபால்வழி இறையியல் படித்தவன். நீ காபிக்கு வந்தவன்.

கடைசியில் நீயே எழுதினாய். "நீ எழுதுனத வச்சித்தான் எழுதறேன், உன் சரக்குதான்" என்றாய். அது உண்மையல்ல என்று இருவருக்கும் தெரியும். ஏழே பக்கம். கிணற்று உவமையோடு தொடங்கியது. கோடையில் ஒரு தெரு, மூன்று கிணறு. ஒருவர் சொல்கிறார்: மூலைக் கிணற்றில்தான் குடிநீர், மற்றதெல்லாம் உப்பு, இங்கே வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் சொல்கிறார்: உங்கள் கிணற்று நீரும் நல்லதுதான், ஆனால் அது எங்கள் ஏரியிலிருந்து கசிந்து வருவது, உங்களுக்குத் தெரியாது. மூன்றாமவர் சொல்கிறார்: எல்லாக் கிணறும் அடியில் இருக்கும் ஒரே நீரோட்டத்தைத் தொடுகிறது, அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, மண்ணுக்கு ஏற்ப ருசி மாறுகிறது.

பிறகு ஒவ்வொருவருக்காகவும் வாதாடினாய், அவரவர் வக்கீலைப் போல. ஒருவழி நிலையைப் பற்றி எழுதியிருந்தாய்: மற்றக் கிணறுகள் உப்பு என்று ஒருவர் உண்மையாகவே நம்பினால், வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அன்பில்லாத செயல், கூப்பிடுவது திமிர் அல்ல. மற்ற மதங்களில் உண்மையே இல்லை என்று அவர் சொல்லத் தேவையில்லை. உண்மை இருப்பது வேறு, மீட்பு இருப்பது வேறு. அவருக்கு வரும் சிக்கலையும் எழுதினாய். மூலைக் கிணறு இருப்பதே தெரியாமல் பக்கத்து ஊரில் தாகத்தோடு செத்தவன் கதி என்ன? இதற்கு ஒருவழிக்காரர்களிடையே ஒரே பதில் இல்லை, சிலர் கடவுளின் நீதிக்கு விட்டுவிடுகிறார்கள், சிலர் சாவுக்குப் பிறகும் ஒரு வாய்ப்பு உண்டு என்கிறார்கள் என்று நேர்மையாகச் சொன்னாய்.

மூன்றாவது நிலையை, எல்லாம் ஒன்றுதான், எது வேண்டுமானாலும் சரி என்று சொல்வதாக எண்ணிவிடக் கூடாது என்றாய். பன்மைக்காரரிடமும் ஓர் அளவுகோல் இருக்கிறது; மனிதனைத் தன்னலத்திலிருந்து திருப்புகிற மதமா என்று பார்க்கிறார். ஆனால் அந்த அளவுகோலை அவர் எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தார்? யாருமே பார்க்காத நீரோட்டம் என்றால், எல்லாக் கிணறும் அதைத்தான் தொடுகிறது என்று இவருக்கு எப்படித் தெரிந்தது? மூலைக் கிணற்றுக்காரரும் ஏரிக்காரரும் தங்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் தவறு என்று இவரும் ஒருவிதத்தில் சொல்லத்தானே செய்கிறார்?

இரண்டாவது நிலைக்கு நீ எழுதிய பத்தி சின்னது. 'இரண்டாவது நிலையின் சிக்கல்' என்று துணைத்தலைப்பு. "ஏரிக்காரர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் கிணற்றுக்காரரிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிணறு வெட்டியது அவருடைய பாட்டன். அவரும் திரும்பி, உங்கள் ஏரிக்கே எங்கள் ஊற்றிலிருந்துதான் நீர் என்று சொல்லலாம். அப்போது ஏரிக்காரருக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் இவருக்கும் இருக்கும்."

இந்தப் பத்தியை நான் படித்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

வகுப்புக் குழு கூடியது. ரயில்வே கார்டுதான் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு இந்துப் பிள்ளை எழுதின பாடத்த நம்ம ஜனங்களுக்குக் கொடுக்கலாமா?" பாஸ்டர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் எனக்கு என்னவெல்லாம் ஓடியது என்று உனக்குத் தெரியாது. ஒரு மனது, கொடுக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னது, என் பதினெட்டுப் பக்கமே பாடமாகப் போகட்டும் என்றது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வேறொன்று சொன்னேன். "அவன் பேருக்குத்தான் இந்து. உள்ளுக்குள்ள நம்ம ஆளு." குழு நிம்மதியாகத் தலையாட்டியது. பெருந்தன்மையாக நடந்துகொண்டதுபோல் எனக்கே தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை நீ வகுப்பில் கட்டுரையை வாசித்தாய். யாரும் இப்படி அமைதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் பாடம் எடுக்கும்போது விசிறியைப் பார்க்கும் நர்ஸம்மா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எங்க வீட்டுல எத்தன வருஷமா நடக்கற சண்டை தம்பி. இப்பதான் எதுக்கு சண்டைன்னே புரியுது" என்றார். எல்லோரும் உன்னைச் சுற்றி நின்றார்கள். நான் மெஷின் பக்கத்தில் மைக்கறையைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் ஆண்டவரைப் பற்றி, என் அப்பாவின் விசுவாசத்தைப் பற்றி, என் சபையில், நீ. எனக்கு அந்த வரம் ஏன் கொடுக்கப்படவில்லை என்று அந்த இடத்திலேயே அவரிடம் கேட்டேன். அதுவும் ஜெபம்தான் என்றால், அன்று நான் ஜெபித்தேன்.

பிறகு நன்றி சொல்ல எழுந்தேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். "நம்ம நண்பர் கோயிலுக்குப் போறவர்தான். ஆனா இவ்வளவு தெளிவு எங்கேருந்து வந்தது? நம்ம ஆண்டவருடைய ஆவி இவருக்குத் தெரியாமலே இவருக்குள்ள வேலை செய்யுது. இவர் தன்னை அறியாத ஒரு கிறிஸ்தவர்." கைதட்டினார்கள். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. இருவரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சரக்கு ரயில், பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டி போனதும் கேட்டாய்.

"ரெண்டாவது நிலையோட சிக்கல்னு ஒரு பத்தி எழுதியிருந்தேன். படிச்சியா மச்சான்?"

"படிச்சேனே. ரொம்ப நல்லா..."

"எங்க படிச்ச." நீ குரலை உயர்த்தவில்லை. "நான் பிரதோஷத்துக்குப் போறேன், வில்வம் வாங்கினு போறேன், எங்கப்பன் பேரச் சொல்லி அர்ச்சனை பண்றேன். அதெல்லாம் இன்னா? உங்க ஆளு எனக்குத் தெரியாம செஞ்சதா?"

"பெருமையாத்தானே சொன்னேன்."

"நீ நரகத்துக்குப் போவேன்னு சொல்லியிருந்தாக்கூட உன்கூட சண்ட போட்டிருப்பேன். அதுல நான் நானா இருந்திருப்பேன். உங்கப்பா என்னப் பாத்தா அதத்தான் சொல்றாரு, எனக்கு அவரப் புடிக்கும். நீ என்ன ஒரு வார்த்த கேக்கல. தூக்கி உள்ள வச்சிக்கின."

கேட் திறந்தது. நீ சைக்கிளில் ஏறிப் போய்விட்டாய்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் நீ வரவில்லை. பஸ்ஸில் பின் சீட்டுக்கு மாறிக்கொண்டாய். உன் வரைபடங்கள் என் மேசைக்கு வரும், மூலையில் உன் கையெழுத்தோடு. அளந்து பார்ப்பேன். தப்பு இருக்காது. ஒரு தப்பாவது இருக்காதா என்று இரண்டாம் முறையும் அளப்பேன். ஏறக்குறைய ஒரு வருடம் இப்படியே போனது. கல்யாணத்துக்குப் பிறகு நீ கோவிலம்பாக்கத்துக்குக் குடிபோனதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கல்யாணப் பத்திரிகை வந்திருந்தது. நான் போகவில்லை.

அந்த வருடம் முழுக்க எனக்குள் ஒரு வாதம் நடந்தது. நான் சொன்னது ஒரு மரியாதையான இறையியல் நிலை. பெரிய பெரிய ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்குத்தான் புரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நிலையை மனதாரப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாஸ்டரே அப்படித்தான். ஆனால் நான் அந்த நிலையில் இருந்தவனே இல்லையே. நான் என் அப்பாவின் பிள்ளை, ஒருவழிக்காரன். உனக்காக மட்டும், ஒரே ஒரு சாயங்காலம், ஏன் நிலை மாறினேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவில் அது புரிந்தது. உன் எழுத்து என் ஆண்டவர் கொடுத்தது என்றால், அதில் எனக்கும் பங்கு உண்டு. நீ வெறும் குழாய், தண்ணீர் எங்களுடையது. உன்னை உள்ளே சேர்த்தது உன்மேல் இருந்த அன்பால் அல்ல. உன்னிடம் தோற்காமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு உன் வீட்டுக்கு வந்தேன். கைலியோடு வந்து கதவைத் திறந்தாய். உன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"பொறாமை மச்சான்," என்றேன். "வேற ஒண்ணுமில்ல. நீ எழுதினது எனக்கு வரல. அதனாலதான் அப்படிப் பேசிட்டேன்."

நீ சிரிக்க ஆரம்பித்தாய். உன் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாய். "அவ்ளோதானா? ஒரு வருஷமா நான் அத தியாலஜின்னு நெனச்சி பேஜாராயிட்டேன்."

சாப்பிட வைத்தாய். கை கழுவும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னாய். "எனக்கும் உன்மேல ஒண்ணு உண்டு. நீங்கல்லாம் ஜெபம் பண்றப்போ எதிர்ல ஒக்காந்துகினு இருக்கறவங்கிட்ட பேசுற மாதிரி பேசுறீங்க. எனக்கு அப்படி வராது. நான் நின்னு பாத்துட்டு வந்துடுவேன்." இதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொல்லி மழுப்பியிருப்பேன். இப்போது நினைத்தால், அன்று கேட்டிருக்க வேண்டியது நிறைய இருந்தது.

மறுபடியும் ஒரே சீட். நீ சபைக்கு மட்டும் திரும்ப வரவில்லை. "பாடம் போய்க்கினு இருக்கட்டும், நான் எதுக்கு" என்பாய். உன் கட்டுரை ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை அதை நான்தான் நடத்தினேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவது நிலையின் பத்தியை மட்டும் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்வேன். மனப்பாடமாகிவிட்ட பிறகும் அப்படித்தான்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை. ஷிப்ட் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வரைபலகைமேல் சாய்ந்தாய் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது. நான் கோவிலம்பாக்கத்துக்கு வந்தபோது உன் தம்பி உன்னைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்துகொண்டிருந்தான். உன் நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசியிருந்தார்கள். என்னோடு வந்த சபைக்காரர் ஒருவர் காதோடு சொன்னார்: "நல்ல மனுஷன். நம்ம ஆண்டவர் கைவிட மாட்டார், உள்ளுக்குள்ள நம்ம ஆளுதானே." நான் போட்ட விதை அது. பத்து வருடம் கழித்து உன் பிணத்தின் பக்கத்தில் முளைத்து நின்றது. "இல்லண்ணே," என்றேன். "அவர் சைவர். கடைசி பிரதோஷத்துக்கும் போனவர்." அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். உனக்காக நான் செய்த ஒரே காரியம் அதுதான். அதையும் நீ கேட்கவில்லை.

போன மாதம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. இப்போது சைக்ளோஸ்டைல் இல்லை, கம்ப்யூட்டரில் அடித்து ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். உன் பெயர் மேலே இருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பாங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"சார், இதை எழுதினவர் மூணுல எந்த நிலை? ஒவ்வொண்ணையும் படிக்கறப்போ அவர் அதுதான்னு தோணுது."

தாளை வாங்கி உன் பெயரைப் பார்த்தேன். ஒரே சீட்டில் எத்தனை வருடம். மூன்று நிலைக்கும் வக்கீலாக நின்றவனிடம், உன் தீர்ப்பு என்ன மச்சான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீ உன் சிவனே ஒரே வழி என்றிருந்தவனா? எங்கள் ஏரிக்கே உங்கள் ஊற்றுதான் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு எங்கள் காபியைக் குடித்தவனா? யாரும் பார்க்காத நீரோட்டத்தை நம்பியவனா? இந்த மூன்றிலும் சேராத ஏதோ ஒன்றா? எப்படி எழுதினாய் என்றுதான் இத்தனை காலமும் பொருமிக்கொண்டிருந்தேன். என்ன நம்பினாய் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

"தெரியலம்மா," என்றேன். "நான் கேக்கல."

அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் யாருடைய விசுவாசத்தைப் பற்றியும் பேசுவதற்குமுன் அவரிடமே கேட்டுவிடுகிறேன். அது உன்னிடமிருந்து எனக்கு வந்தது. நான் இன்னும் ஒருவழிக்காரன்தான், அப்பாவின் பிள்ளை. ஆனால் ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லும்போது, அதன்பின் வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரிவதில்லை. பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். எதிரில் இருக்கிறவர் மீதியைப் பார்த்துக்கொள்வார்.

மூன்றில் எது சரி என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும் மச்சான். நான் வாழ்நாள் முழுக்கப் படித்தும் அறியாததை நீ ஒரு திங்கட்கிழமை காலையில் தெரிந்துகொண்டுவிட்டாய். அதற்கும் எனக்கு உன்மேல் பொறாமைதான்.